கோபுரமும் சிவப்புக் காற்சட்டையும்

நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு ஒரு தெருப் படம் அனுப்புவார். கடைப் பெயர்ப்பலகைகளையெல்லாம் மறைத்திருப்பார். எந்த ஊர் என்று நான் சொல்ல வேண்டும். தோற்றவர் அடுத்த சந்திப்பில் காபி வாங்கித் தர வேண்டும். கடந்த நான்கு ஆண்டுகளில் நான் வாங்கிக் கொடுத்த காபிதான் அதிகம்.

ஒருமுறை வந்த படத்தில் வலது மூலையில் ஒரு கோபுரம் தெரிந்தது. பொம்மைகளுக்குப் பளிச்சென்று வண்ணம் அடித்திருந்தார்கள். வாசலில் புடவை கட்டிய இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் முக்காடு அணிந்த பெண்கள் மோட்டார் சைக்கிளில் போனார்கள். சீன முகத்தோடு ஒரு பெரியவர் கடை வாசலில் அரைக்கால் சட்டையும் பனியனுமாக உட்கார்ந்திருந்தார். வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடின. எனக்குச் சந்தேகமே இல்லை. "பினாங்கு" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். நண்பர் ஒரு வரி அனுப்பினார்: "ஓரத்தில் நிற்கிற பையனின் காலைப் பாருங்கள்."

பள்ளிக்கூடப் பையன். வெள்ளைச் சட்டை, ரத்தச் சிவப்பில் அரைக்காற்சட்டை. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகும் மலேசியா என்று சொல்ல வழியில்லை. படம் இந்தோனேசியாவில் எடுத்தது. சுமத்ரா தீவின் மேடான் நகரில், கம்புங் மெட்ராஸ் என்று அழைக்கப்படும் பகுதி. டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் குடியேறிய இடம் அது. அங்குள்ள மாரியம்மன் கோயில் 1884இல் கட்டப்பட்டது. கோபுரமும் புடவையும் முக்காடும் என்னை மலாக்கா நீரிணையின் தவறான கரையில் இறக்கிவிட்டன. சரியான கரைக்குக் கொண்டு சேர்த்தது ஒரு சிறுவனின் காற்சட்டை.

அன்றிலிருந்து தெருப் படங்களில் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முகம் ஏமாற்றும் என்பது ஒரு காரணம். முகத்தை வைத்து ஊர் சொல்வது அநாகரிகமும்கூட என்பது இன்னொன்று. உடையைப் பார்க்கிறேன். அதையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த உடையை இவருக்கு யார் தேர்ந்தெடுத்தது?

அவரேதான் தேர்ந்தெடுத்தார் என்றால் அந்த உடை அவரைப் பற்றித்தான் பேசும், ஊரைப் பற்றி அல்ல. புடவை கட்டியவர் டொராண்டோவிலும் இருப்பார், டர்பனிலும் இருப்பார். வானிலைதான் தேர்ந்தெடுத்தது என்றால் அது மலையா சமவெளியா, மழையா வெயிலா என்று ஓரளவு சொல்லும். அரசாங்கம் தேர்ந்தெடுத்திருந்தால் கதையே வேறு. அரசாணை எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். அந்த உடையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பள்ளிச் சீருடை மற்ற உடைகளைவிட நல்ல சாட்சியாக இருப்பது இதனால்தான். துணியிலோ தையலிலோ ரகசியம் எதுவும் இல்லை.

இந்தோனேசியாவில் 1982இல் நாடு முழுவதற்கும் சீருடை வகுத்தார்கள். தொடக்கப் பள்ளிக்கு வெள்ளை மேலே, சிவப்பு கீழே. கொடியின் அதே இரண்டு நிறங்கள். நடுநிலைப் பள்ளிக்குக் கீழே கருநீலம், மேல்நிலைக்குச் சாம்பல். சுமத்ராவின் வடமுனையிலிருந்து பப்புவா வரை இதே ஒழுங்கு. வாரத்தில் எல்லா நாளும் இப்படி இருக்காது. சாரணர் உடையான பழுப்புக்கென்று ஒரு நாள், பாத்திக் சட்டைக்கென்று ஒரு நாள் உண்டு. அதனால் படத்தில் சிவப்பு இல்லை என்பதற்காக இந்தோனேசியா இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சிவப்பு இருந்தால் மட்டும் பேசலாம். அப்போதும் ஒரு தயக்கத்தை மிச்சம் வைத்துக்கொள்வது நல்லது. கோலாலம்பூரிலும் சபா மாநிலத்தின் கோத்தா கினபாலுவிலும் இந்தோனேசியப் பிள்ளைகளுக்கான அந்நாட்டுப் பள்ளிகள் இருக்கின்றன.

மலேசியச் சீருடை இன்னும் சுவையானது. அதில் வயதும் ஆண்டும் சேர்ந்தே எழுதியிருக்கும். அரசுத் தொடக்கப் பள்ளிப் பையன்களுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையின் மேல் கருநீலப் பினஃபோர், அதாவது தோளில் மாட்டும் கையில்லாத கவுன். அல்லது வெள்ளை பாஜு கூரோங் மேலாடையும் கருநீல நீளப் பாவாடையும். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பையன்களின் காற்சட்டை ஆலிவ் பச்சையாகிவிடும். பெண்களின் கருநீலம் வெளிர்நீலமாகிவிடும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கப் பள்ளிகள் என்பதால் அங்கே கருநீலம்தான். ஆக, கோபுரம் தெரியும் ஒரு தெருவில் வெளிர்நீலப் பினஃபோர் அணிந்த பெண் நடந்து போனால் நாடு மலேசியாவாக இருக்க நல்ல வாய்ப்பு, அவள் பதின்மூன்று வயதைத் தாண்டியிருக்கவும் நல்ல வாய்ப்பு. மாணவர் தலைவர்களுக்கு வேறு நிறம், தனியார் பள்ளிகளுக்கும் சீன சுயேச்சைப் பள்ளிகளுக்கும் வேறு உடை. எனவே ஒரே ஒரு பிள்ளையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கூட்டமாகப் போகிறவர்களைப் பாருங்கள்.

ஆண்டைச் சொல்வது காலணி. மலேசியப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக வெள்ளைக் காலணி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதைத் துவைத்து, வெள்ளை பூசி, வெயிலில் காயவைப்பது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. வெள்ளைக்குப் பதில் கறுப்பு என்ற அறிவிப்பு 2018இல் வந்தது; 2019 முதல் படிப்படியாக மாறினார்கள். படத்தில் எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைக் காலணி என்றால் அது பெரும்பாலும் அதற்கு முந்தைய படம். கறுப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் மாறிக்கொண்டிருந்த காலம். 2025 ஏப்ரலில் தேசியக் கொடிச் சின்னத்தைச் சீருடையில் அணியும் வழக்கம் வந்தது. சட்டையில் சின்னக் கொடி தெரிந்தால் படம் மிகப் புதியது. இந்த மாதிரிக் குறிப்புகளை நான் இடத்துக்குப் பயன்படுத்துவதைவிடக் காலத்துக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

காலத்தைச் சொல்வதில் நம் ஊரும் குறைந்ததல்ல. அரசுப் பள்ளிப் பெண்கள் நீலத் தாவணியும் வெள்ளை ரவிக்கையுமாகச் சைக்கிள் மிதித்துப் போகும் படத்தைப் பார்த்தால், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உடனே தங்கள் பள்ளி நாட்களைச் சொல்லத் தொடங்குவார்கள். சுடிதாரின் மேல் கோட்டு போன்ற மேலங்கி வந்தது பிறகு. காக்கிக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாகப் பையன்கள் போனதும் அதே பழைய காலம்தான். ஆனால் தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் அதிகம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒரு கோடு, ஒரு நிறம். அதனால் நம் தெருவில் போகும் சீருடை மாநிலத்தைச் சொல்வதில்லை. தெரிந்தவர்களுக்குப் பள்ளியைத்தான் சொல்கிறது. சிங்கப்பூரும் இப்படித்தான், பள்ளிக்குப் பள்ளி சீருடை மாறும். இது எவ்வளவு நல்ல தடயமோ அவ்வளவு ஆபத்தானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாக் நீரிணையைத் தாண்டினால் ஒழுங்கு திரும்புகிறது. இலங்கையில் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை அரசே தருகிறது. எல்லோருக்கும் ஒரே வெள்ளை. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும், பல பாடசாலைகளில் கழுத்தில் பாடசாலை நிறத்து ரையும். நம் ஊர் டை அங்கே ரை. தலைமுடி பெரும்பாலும் இரட்டைப் பின்னல். சிறிய பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, நீல அரைக்காற்சட்டை. பெரிய வகுப்புக்குப் போனதும் வெள்ளை நீளக் காற்சட்டை. முஸ்லிம் மாணவிகளுக்கு அதே வெள்ளையில் நீண்ட மேலாடையும் கீழே காற்சட்டையும் தலைமறைப்பும். பருத்தித்துறையிலிருந்து தெவிநுவரை வரை இதுதான். தமிழ் எழுத்துப் பலகை தெரியும் ஒரு தெருவில் ராமநாதபுரமா யாழ்ப்பாணமா என்று குழப்பம் வந்தால், காலை ஏழரை மணிக்கு எடுத்த படமாக இருந்தால் போதும், பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். சர்வதேசப் பாடசாலை என்ற பெயரில் நடக்கும் தனியார் பாடசாலைகள் மட்டும் இந்த வரிசையில் வராது.

இப்போது நான் பாதி வென்று பாதி தோற்ற ஒரு படத்தைச் சொல்கிறேன்.

மழை விட்ட சாலை. பேருந்து நிறுத்தம் போன்ற இடத்தில் வெள்ளைச் சட்டையும் ரையுமாக நான்கு மாணவிகள். மூவர் மேலே கருநீல ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். வெள்ளைத் தலைமறைப்போடு இரண்டு மாணவிகள். நீல அரைக்காற்சட்டையில் ஒரு பொடியன். குடையோடு ஒரு பெண், ஆசிரியையாக இருக்கலாம். இடுப்பைச் சுற்றிக் கொசுவம் விசிறிபோல் மடிந்து விழும் கண்டிப் புடவை கட்டியிருந்தார். அதை ஒசரி என்பார்கள். சாரத்தின் மேல் பழைய கோட்டு அணிந்த இரண்டு ஆண்கள், வெறும் சட்டை போட்ட மூன்று ஆண்கள். பின்னால் தூரத்தில் ஒரு பேருந்து.

இலங்கை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று இடித்தது. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. இலங்கையில் போக்குவரத்து இடப்பக்கம். சீருடை ஒன்று சொல்கிறது, சாலை வேறொன்று சொல்கிறது. இப்படி இரண்டு சாட்சிகள் முட்டிக்கொள்ளும்போது எனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடத்தான் மனம் போகும். அப்படிச் செய்யாமல் சட்டைப் பைகளைப் பார்த்தேன்.

ஆண்களின் சட்டையில் ஒரே பை இருந்தால் அது அணிந்தவரின் இடது மார்பில் இருக்கும். அவர் நம்மை நோக்கி நின்றால் நமக்கு அது வலப்பக்கம் தெரியும். இந்தப் படத்தில் சட்டை போட்ட மூன்று பேருக்கும் பை நமக்கு இடப்பக்கம் தெரிந்தது. புடவையின் முந்தானை இடது தோளில் விழுவதுதான் பரவலான வழக்கம், ஒசரியிலும் அப்படித்தான். இந்த ஆசிரியைக்கு அது வலது தோளில் விழுந்தது. மூன்று பைகளும் ஒரு முந்தானையும் ஒரே பக்கமாகத் தப்புச் செய்யாது. படம்தான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பப்பட்டிருந்தது. நண்பரின் குறும்பு. திருப்பி வைத்ததும் வண்டிகள் இடப்பக்கம் போயின.

இந்தச் சோதனையைச் செய்யும்போது முந்தானையை மட்டும் நம்பாதீர்கள். குஜராத்திக் கட்டில் முந்தானை பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் வரும். நம் மடிசாரிலேயே ஐயர் வீட்டுக் கட்டு வலது தோளிலும் ஐயங்கார் வீட்டுக் கட்டு இடது தோளிலும் விழும். ஒரு கல்யாணப் படத்தை வைத்துக்கொண்டு இதில் வழக்காடிய பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். குடகுக் கட்டில் முந்தானை வலது தோளில்தான், கொசுவமும் முதுகுப்பக்கம் இருக்கும். சட்டைப் பை இவ்வளவு சிக்கல் செய்வதில்லை. மூன்று நான்கு பேரின் பைகளை எண்ணினால் போதும். ஆண்களின் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வந்து பொத்தான் மாட்டியிருக்கும் என்பதும் துணைக்கு வரும், படம் அவ்வளவு தெளிவாக இருந்தால்.

இனி ஊர். ஸ்வெட்டரும் சாரத்தின் மேல் கோட்டும் இருந்ததால் மலையகம். ஒசரி கட்டிய ஆசிரியை, தலைமறைப்போடு மாணவிகள். கலந்து வாழும் ஊர். இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் "நுவரெலியா" என்று அனுப்பினேன். தவறு. அது பண்டாரவளை.

எங்கே சறுக்கினேன் என்று பிறகு யோசித்தேன். ஸ்வெட்டரைக் குளிர் அளக்கும் கருவிபோல் வாசித்துவிட்டேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம். பண்டாரவளை 1,200 மீட்டரை ஒட்டியது. ஆனால் மழை விட்ட காலையில் இரண்டு ஊரிலும் பிள்ளைக்கு அம்மா ஸ்வெட்டர் மாட்டித்தான் அனுப்புவாள். குளிர் என்பது பழக்கம். மார்கழிச் சென்னையில் இருபத்திரண்டு டிகிரிக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு நடைப்பயிற்சி போகிறவர்களைப் படம் எடுத்து ஓர் ஐரோப்பியரிடம் காட்டினால் அவர் இதை எந்த மலையென்று தேடுவாரோ. ஸ்வெட்டர் "இங்கே வழக்கத்தைவிடக் குளிர்" என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை டிகிரி என்று சொல்லாது.

விடை படத்திலேயே இருந்தது, உடையில் அல்ல. தூரத்துப் பேருந்தைப் பெரிதாக்கினால் எண் பலகையின் தொடக்கத்தில் யூ.பி. என்ற ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. இலங்கையில் மாகாணத்தின் சுருக்கத்தை எண் பலகையில் எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது; யூ.பி. ஊவா மாகாணம். நுவரெலியா மத்திய மாகாணம் என்பதால் அங்கே சி.பி. பேருந்து மாகாணம் விட்டு மாகாணம் போகும் என்பது உண்மைதான். ஆனாலும் அதைப் பார்த்திருந்தால் என் பதிலை நானே சந்தேகித்திருப்பேன். உடை நாட்டைச் சொல்லிவிட்டு, மலை என்று கையைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் நான்தான் அதை இழுத்துப் பிடித்துப் பேச வைத்தேன்.

அந்த ஒசரியைக்கூட நான் கொஞ்சம் அதிகமாக நம்பினேன். கண்டிச் சிங்களவரின் கட்டு அது என்பது சரி. ஆனால் ஆசிரியைக்கு இடமாற்றம் வரும். ஸ்ரீலங்கன் விமானப் பணிப்பெண்கள் மயிற்பீலி வண்ணத்தில் உடுத்துவதும் அதே சாயல்தான். சென்னை மீனம்பாக்கத்தில் எடுத்த படத்திலும் ஒசரி இருக்க முடியும்.

அரசு தேர்ந்தெடுக்கும் இன்னொரு உடை காவலர் உடை. தெற்கே அதில் நல்ல அடையாளங்கள் உண்டு. சிவப்புத் தொப்பி போட்ட காவலர் என்றால் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வழக்கம். ஒரு பக்க விளிம்பு மேலே மடிந்த அகன்ற தொப்பி என்றால் கர்நாடகக் காவலர் என்று நெடுங்காலம் சொல்ல முடிந்தது. 2025இல் அங்கே காவலர்களுக்கு வேறு தொப்பி கொடுக்கத் தொடங்கியதால் இனி அது காலத்தையும் சேர்த்துச் சொல்லும். வெள்ளைச் சட்டையும் காக்கிக் காற்சட்டையுமாகப் போக்குவரத்துக் காவலர் நின்றால் தமிழ்நாடு நினைவுக்கு வரும், ஆனால் போக்குவரத்துக் காவலருக்கு வெள்ளைச் சட்டை தரும் மாநிலங்கள் வேறு பல உண்டு. சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் ஊர்களில் இவை எதையும் நம்ப முடியாது. பொள்ளாச்சித் தெருவில் எந்த மாநிலப் போலீஸும் வந்து நிற்கும்.

அவரவர் தேர்ந்தெடுக்கும் உடைக்கு வருவோம். இங்கேதான் புதிதாக விளையாட வருகிறவர்கள் மொத்தமாக விழுகிறார்கள். முதல் பொறி டீசர்ட். அதில் எழுத்து இருக்கும். எழுத்து இருந்தால் வாசிக்கத் தோன்றும். அமெரிக்கக் கல்லூரியின் பெயர் எழுதிய பனியனோடு ஒருவர் நின்றால் அவர் அமெரிக்காவில் நிற்கிறார் என்று பொருளல்ல. பணக்கார நாடுகளில் கழித்துக் கட்டும் துணி மூட்டை மூட்டையாக ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கண்டமாண்டோ சந்தை அந்தப் பழந்துணி வியாபாரத்துக்குப் பேர்போனது. கானாவில் அதற்கு 'இறந்துபோன வெள்ளைக்காரனின் துணி' என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருக்கிறவன் கொடுப்பானா என்ற கேலி அதில் உண்டு. நம் பக்கத்தில் மூட்டை வேறு திசையிலிருந்து வருகிறது. திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைத்து, ஏதோ ஒரு தையல் பிசகியதால் ஒதுக்கிய சரக்கு நடைபாதைக் கடைகளில் கொட்டிக் கிடக்கும். ஜெர்மன் வாசகம் எழுதிய டீசர்ட்டோடு தாராபுரத்தில் ஒருவர் இளநீர் வெட்டுவார். பனியனில் எழுதியிருப்பதை நான் வாசிப்பதே இல்லை.

இரண்டாவது பொறி லுங்கி. கட்டம் போட்ட கைலியைப் பார்த்ததும் தமிழ்நாடு என்று கை எழுதப் பார்க்கும். அதே துணி சிட்டகாங்கிலும் உண்டு, யாங்கூனிலும் உண்டு, சுரபாயாவிலும் உண்டு. ஏதாவது சொல்லும் என்றால் கட்டும் விதம்தான் சொல்லும். பர்மிய ஆண்கள் வயிற்றுக்கு நேரே முன்னால் முடிச்சுப் போட்டுப் புடைப்பாக விடுவார்கள். அங்கே பெண்கள் பக்கவாட்டில் செருகுவார்கள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தும் தெரிந்தால் மியன்மார் என்று எண்ணலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டும் பழக்கம் அதிகம். அதுவும் நிற்கும்போது மட்டும். பெரியவர் எதிரே வந்தால் இறங்கிவிடும்.

நம் கட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் எச்சரிக்கை வரும். நைஜீரியக் கரையோரத்தில் கலபாரி மக்கள் சென்னைப் பக்கத்துக் கட்டம் போட்ட கைத்தறித் துணியைப் பல தலைமுறைகளாகத் தங்கள் சடங்குத் துணியாக வைத்திருக்கிறார்கள். 'இன்ஜிரி' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். கரீபியன் கடலில் மார்டினீக், குவாதலூப் தீவுகளில் பெண்களின் பாரம்பரிய உடையே 'மெட்ராஸ்' என்று பெயர் கொண்ட கட்டத் துணியில்தான் தைக்கப்படுகிறது. அந்தத் தீவுகளில் எடுத்த விழாப் படத்தில் துணியை மட்டும் வெட்டிக் காட்டினால் சின்னாளப்பட்டிக்காரர் தன் சரக்கு என்பார். அவர் சொல்வதில் பாதி நியாயமும் உண்டு.

படம் எந்த நாளில் எடுத்தது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கக் கரை போட்ட வெண்சந்தனப் புடவைகள் ஒரு தெரு நிறைய வந்தால் கேரளம் என்று சொல்லத் தோன்றும். ஓணத்தன்று சென்னைக் கல்லூரி வாசல்களிலும் அதுதான் காட்சி. உடுத்தியவர்களில் பாதிப் பேருக்கு மலையாளம் தெரியாது. இலங்கையில் வெள்ளை உடைக் கூட்டம் கண்டதும் பாடசாலை விட்டது என்று எழுதிவிடக் கூடாது. போயா தினத்தில் விகாரைக்குப் போகும் பெரியவர்களும் வெள்ளையில்தான் போவார்கள். ஞாயிறு காலையில் பௌத்த அறநெறிப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் வெள்ளையில்தான். கூட்டத்தில் வயதானவர்கள் எத்தனை பேர், கையில் புத்தகப் பையா பூத்தட்டா என்று பார்த்தால் வேறுபாடு புரியும். சீருடையே இல்லாத தெரு எதையும் சொல்வதில்லை. விடுமுறையாக இருக்கலாம், மதியம் பன்னிரண்டு மணியாகவும் இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு நானும் நண்பரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உடையைப் பார்த்து நாடு அல்லது வட்டாரம் வரை மட்டும் சொல்லலாம். ஊர் பெயர் சொல்ல வேண்டுமென்றால் உடைக்கு வெளியே இன்னொரு சான்று காட்ட வேண்டும்: எண் பலகை, மின்கம்பம், அஞ்சல் பெட்டியின் நிறம், மலையின் கோடு, எதுவானாலும் சரி. சான்று இல்லாமல் ஊர் சொல்லி அது சரியாகவே இருந்தாலும் காபி கிடையாது. இந்த விதி வந்த பிறகு என் செலவு குறைந்திருக்கிறது.

பிறகு வருகிறேன் என்று சொன்ன விஷயம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017இல் ஒரு வேலையைத் தொடங்கியது. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களின் படங்களிலிருந்து முகங்களையும் உடல்களையும் நீக்கிவிட்டு, பின்னணியில் இருக்கும் ஒரு பொருளை மட்டும் வெட்டி எடுத்துப் பொதுமக்களிடம் காட்டும்: ஒரு பை, ஒரு சட்டை, ஒரு போர்வை. இது எந்த நாட்டில் விற்பது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்கும். ஒரு துணித் துண்டு காவலர்களைக் குழந்தையிடம் கொண்டு சேர்க்கும் என்ற நம்பிக்கையில் நடக்கும் வேலை அது.

அதே துணித் துண்டு வேண்டாதவரையும் கொண்டு சேர்க்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நம் வீடுகளில் நடப்பது தெரியும். புதுச் சீருடை, வாசற்படி, இரண்டு பின்னல், ஒரு படம், உடனே ஸ்டேட்டஸ். நம் ஊரில் தனியார் பள்ளிச் சீருடை பள்ளியைச் சொல்லிவிடும் என்றேன் அல்லவா? சட்டைப் பையில் இருக்கும் சின்னம் அதை உறுதி செய்யும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயரும் வகுப்பும் இருக்கும். சில அட்டைகளில் அப்பாவின் கைப்பேசி எண்ணும் இருக்கும். பின்னால் வாசல் எண் தெரியும். நானும் நண்பரும் நான்கு ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டு தேடுகிற அத்தனையும் அந்த ஒரு படத்தில் மறைக்காமல் கிடக்கிறது.

படம் எடுங்கள், வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிக்கு அனுப்புங்கள். ஊருக்கெல்லாம் போடுவதாக இருந்தால் அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு, சட்டைச் சின்னத்தின் மேல் ஒரு பொம்மையை ஒட்டிவிட்டுப் போடுங்கள்.